ஆபரேஷன் தியேட்டர் துணி பச்சை, நீலம்: வெளிர் பச்சையை ஏன் திருப்பி அனுப்பினார்கள்?

செந்தாமரை, ஈரோடு

வணக்கம். பன்னிரண்டு மெஷின் உள்ள சின்னத் தையல் யூனிட் நடத்துகிறேன். தலையணை உறை, பெட்ஷீட்டோடு ஆஸ்பத்திரித் துணியும் தைக்கிறோம். போன மாதம் ஒரு ஆஸ்பத்திரியின் தியேட்டருக்கு, அறுக்கும் இடத்தில் ஓட்டை விட்டு நோயாளிக்குப் போர்த்தும் ஹோல் டவல், கவுன், டிராலி கவர் எல்லாம் சேர்த்து 400 உருப்படி கேட்டார்கள். நிறம் பாட்டில் கிரீன். அந்தச் சாயத்தில் துணி வர நாளாகும் என்றதால் கைவசம் இருந்த வெளிர் பச்சையில் தைத்து அனுப்பிவிட்டேன். பிஸ்தா நிறத்தைவிட ஒரு படி அடர்த்தி, அவ்வளவுதான்.

டிராலி கவரை மட்டும் வைத்துக்கொண்டு மீதி எல்லாம் திரும்பி வந்துவிட்டது. தியேட்டர் பொறுப்பாளர் போனில் சொன்னது ஒரே வரி: "கண்ணுக்கு ஆகாதும்மா, டாக்டர் போடமாட்டார்."

சொன்ன நிறத்தில் தராதது என் தப்பு, அதை மறுக்கவில்லை. ஆனால் பச்சை பச்சைதானே? அடர்த்தி குறைந்தால் கண்ணுக்கு என்ன ஆகும்? இன்னொரு ஆஸ்பத்திரி நீலம்தான் வேண்டும் என்கிறது. பச்சைக்குக் காரணம் இருந்தால் நீலம் எப்படி வந்தது? அடுத்த ஆர்டரை எடுக்கும் முன் புரிந்துகொள்ள வேண்டும்.

கார்த்திகேயன் (பெயிண்ட் கடை)

அக்கா, இது நிறச் சக்கரம் சமாச்சாரம். சக்கரத்தில் சிவப்புக்கு நேர் எதிரே பச்சை. டாக்டர் மணிக்கணக்காக ரத்தத்தையே பார்ப்பதால் சிவப்பைப் பார்க்கும் நரம்பு களைத்துப் போகும். அப்போது வெள்ளைத் துணியைப் பார்த்தால் பச்சைப் பச்சையாகப் புள்ளி மிதக்கும். துணியே பச்சையாக இருந்தால் அந்தப் புள்ளி தெரியாது, சிவப்பு நரம்புக்கும் ஓய்வு கிடைக்கும். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வெளிர் பச்சை பாதி வெள்ளை என்பதால் பாதி வேலைதான் செய்யும்.

வெங்கட்

எனக்கும் கண் களைப்புதான் பிரச்சினை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். திரையின் பின்னணியைப் பச்சையாக்கினால் சரியாகும் என்று நண்பர் சொன்னார், மாற்றினேன். மூன்று வாரமாகியும் சாயங்காலம் கண் எரிகிறது. எந்தப் பச்சை வைக்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

நிறமாலை

வெங்கட், உங்கள் எரிச்சல் வேறு வகை. ஒன்றை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. போதாததற்கு ஒரே தூரத்தில் பார்வையைப் பிடித்து வைக்கும் தசையும் இறுகியே இருக்கிறது. எந்த நிறம் வைத்தாலும் இது நிற்காது. அடிக்கடி தலையைத் தூக்கித் தூரத்தில் பாருங்கள், நினைத்து நினைத்து இமையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

செந்தாமரை அம்மா, நான் கண் பரிசோதனைப் படிப்பில் பாடம் எடுப்பவன். கார்த்திகேயன் சொன்னது பாதி சரி. அந்தப் புள்ளி உண்மை, அதைப் பின்பிம்பம் என்கிறோம். நரம்பு களைக்கிறது, பச்சை ஓய்வு தருகிறது என்ற இடத்தில்தான் திருத்தம் வேண்டும்.

முதலில் வீட்டிலேயே செய்து பாருங்கள். ரத்தச் சிவப்புத் துணியில் வளையல் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, வெள்ளைத்தாளில் வையுங்கள். நடுவில் பேனாவால் ஒரு புள்ளி. நல்ல வெளிச்சத்தில் அந்தப் புள்ளியையே 30 விநாடி அசையாமல் பாருங்கள். பிறகு வெறும் வெள்ளைத்தாளுக்குக் கண்ணை மாற்றுங்கள். வட்டம் தெரியும். அது இலைப் பச்சையாக இருக்காது. மயில்கழுத்து நிறத்தில் நிறையத் தண்ணீர் கலந்தது மாதிரி, பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே இருக்கும். நீலத் துணி ஏன் வந்தது என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. ரத்தச் சிவப்பின் எதிர்நிறம் பச்சைக்கும் நீலத்துக்கும் பக்கத்து வீடு.

விழித்திரையில் நிறத்தை உணர மூன்று வகைக் கூம்புச் செல்கள். சிவப்பு வெளிச்சம் அதிகமாகத் தூண்டுவது நீண்ட அலை வகையை. அது தொடர்ந்து தூண்டப்பட்டால் தன் பதிலைத் தானே தணித்துக்கொள்கிறது. அலறும் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பது மாதிரி. இப்போது வெள்ளையைப் பார்த்தால் மூன்று வகைக்கும் வெளிச்சம் போகிறது, ஆனால் ஒன்றின் குரல் மட்டும் தாழ்ந்திருக்கிறது. மற்ற இரண்டின் குரல் ஓங்கி ஒலிப்பதைத்தான் மயில்கழுத்தாகப் பார்க்கிறோம். கூம்புகளோடு முடிவதுமில்லை. 2012ல் பார்வை ஆய்வாளர் காசிம் ஜைதியின் குழு, மூளைக்குச் செய்தி அனுப்பும் விழித்திரை நரம்புச் செல்களிலேயே, நிறம் விலகியதும் எதிர்த்திசையில் ஒரு துள்ளல் எழுவதைக் காட்டியது.

ஓய்வுக் கதை ஏன் பொருந்தாது என்றால், நாம் சிவப்புக் கூம்பு என்று சொல்லும் அந்த வகை மிக நன்றாகப் பதில் தருவது 560 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே. அது மஞ்சள் கலந்த பச்சை. பச்சைத் துணியைப் பார்த்தாலும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

கார்த்திகேயன் (பெயிண்ட் கடை)

ஒப்புக்கொள்கிறேன் சார். சிவப்புக் கூம்பு பச்சையில்தான் உச்சம் என்பது எனக்குப் புதுசு. அப்படியானால் பச்சைத் துணி செய்யும் வேலைதான் என்ன?

செந்தாமரை, ஈரோடு

வட்டம் தெரிந்தது சார். கட்டிங் டேபிளில், டியூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து செய்தேன். வெள்ளைத்தாளில் பளிச்சென்று, நீங்கள் சொன்ன அதே மயில்கழுத்து. எங்கள் செக்கிங் பெண் சுவரைப் பார்த்துவிட்டு "அக்கா, வட்டம் பெருசாயிடுச்சு" என்றாள். நானும் சுவரைப் பார்த்தேன், தட்டு அளவுக்கு இருந்தது.

அப்புறம் மூன்று துணியை வரிசையாக வைத்துப் பார்த்தேன். திரும்பி வந்த வெளிர் பச்சையில் வட்டம் நன்றாகவே தெரிந்தது, வெள்ளையில் தெரிந்ததில் முக்கால்வாசி இருக்கும். பாட்டில் கிரீனில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் ஒரு சந்தேகம். தேடினால் அங்கேயும் இருக்கிறது. அந்த இடம் மட்டும் பச்சை இன்னும் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது. புள்ளி தெரியாது என்று கார்த்திகேயன் தம்பி சொன்னாரே?

நிறமாலை

நீங்கள் பார்த்தது அப்படியே சரி. பின்பிம்பம் துணியில் இல்லை, உங்கள் கண்ணில் இருக்கிறது. எந்தத் துணிக்குப் போனாலும் கூடவே வரும். அதை அழிக்கும் துணி கிடையாது. வெள்ளையில் அது நிறமே இல்லாத இடத்துக்கு நிறம் பூசுகிறது, உடனே கண்ணில் படுகிறது. பச்சையில் இருக்கிற நிறத்தையே கொஞ்சம் கூட்டுகிறது, தேடினால்தான் தெரிகிறது. இருண்ட துணியாக இருந்தால் அங்கிருந்து வரும் வெளிச்சமே குறைவு, அதனால் பூச்சும் மங்கல். வெளிர் பச்சையில் முக்கால்வாசி தெரிந்தது என்றீர்களே, அதற்கு இந்த வெளிச்சம்தான் காரணம். நிறத்தைவிட இதை முக்கியமாக நினைக்கிறேன்.

வட்டம் பெரிதானதும் இதே கணக்கு. விழித்திரையில் பதிந்த தடத்தின் அளவு மாறாது. பார்க்கும் பரப்பு எத்தனை மடங்கு தள்ளிப் போகிறதோ, அத்தனை மடங்கு பெரிதாக மூளை அதைப் புரிந்துகொள்கிறது. இதை எம்மெர்ட் என்பவர் 1881லேயே எழுதிவைத்தார்.

ராஜமாணிக்கம் (ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்)

இழையைப் படித்ததும் பழைய நினைவு ஒன்று வந்தது.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சில மாதம் பச்சைத் துணித் தட்டுப்பாடு. வார்டு வெள்ளை பெட்ஷீட்டை ஆட்டோக்ளேவில் நீராவியால் கிருமி நீக்கிப் போர்த்திவிடுவார்கள். குடல் அறுவை ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. வயிற்றுக்குள்ளிருந்து கண்ணை எடுத்துப் பக்கத்துத் துணியில் கருவியைத் தேடினால், கருவிக்கு மேல் ஒரு வெளுத்த பச்சைத் திட்டு மிதக்கும். கண்ணை அசைத்தால் அதுவும் கூடவே நகரும். அதைவிட மோசம், மறுபடி உள்ளே பார்க்கும்போது. ஒரு கணம் எல்லாம் ஒரே கருஞ்சிவப்பாக இருக்கும். எது நாளம், எது கொழுப்பின் ஓரம் என்று பிரிய நேரமெடுக்கும். ஒரு கணம்தான், ஆனால் இரண்டு மணி நேரத்தில் எத்தனை தடவை! கத்தி கையில் இருக்கும்போது அந்தக் கணம் நீளமாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்க்கச் சுவர்ப்பக்கம் திரும்பினால் அந்தத் திட்டு இன்னும் பெரிதாக இருக்கும். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது, நிறமாலை சாருக்கு நன்றி.

இந்த வெள்ளைத் தொல்லையைத் துணிந்து மாற்றியவர் ஹாரி ஷெர்மன், சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை அறுவை மருத்துவர். 1914ல் தன் பச்சை அறை பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முந்தைய கதையும் தெரிந்தால்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய மாற்றம் என்று விளங்கும். பிலடெல்பியாவில் தாமஸ் ஈக்கின்ஸ் 1875ல் வரைந்த ஓவியத்தில் அறுவை மருத்துவர்கள் கறுப்புக் கோட்டில் நிற்கிறார்கள். அதே ஓவியர் 1889ல் வரைந்ததில் எல்லோரும் வெள்ளை. இடைப்பட்ட அந்தப் பதினான்கு ஆண்டில் கிருமிக் கொள்கை வந்து அமர்ந்துவிட்டது. அழுக்குப் பட்டால் தெரிய வேண்டும், கொதிக்க வைத்து வெளுக்க வேண்டும். அதனால் துணி, சுவர், ஓடு எல்லாம் வெள்ளையானது. மின்விளக்கும் பலமானதும் அந்த வெள்ளையே கண்ணைக் குத்த ஆரம்பித்தது.

ஷெர்மன் ரத்தத்தின் சிவப்பிலிருந்து தொடங்கினார். அதற்கு எதிர்நிறம் பச்சை என்று கணக்கிட்டு, பசலைக்கீரை மாதிரியான பச்சையைத் தரைக்கும் சுவரின் கீழ்ப்பகுதிக்கும் கொடுத்தார். அவர் தேர்ந்தெடுத்தது வெளிர் பச்சை அல்ல, கீரைப் பச்சை. அம்மா, உங்கள் துணியைத் திருப்பியவர்கள் அவரைப் பற்றிக் கேள்விப்படாமலே அவர் கட்சியில் நிற்கிறார்கள்.

மேரி (தியேட்டர் சிஸ்டர்)

டாக்டர் சொன்ன திட்டு எனக்கும் பழக்கம். பச்சைத் துணி போட்ட தியேட்டரிலேயே தெரியும். ஏனென்றால் ரத்தத்தை ஒற்றியெடுக்க நாங்கள் காயத்துக்குள் வைக்கும் மாப், காஸ் துணியெல்லாம் இன்றைக்கும் வெள்ளைதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லையே.

முகுந்தன்

சிஸ்டர், அப்படியானால் பச்சைத் துணிக் காரணமே அடிபட்டுப் போகிறதே. டாக்டர் அதிகம் பார்ப்பது காயத்தையும் அதற்குள் வைக்கிற மாப்பையும்தான். கண்ணுக்கு நேரே வெள்ளையை வைத்துவிட்டு ஓரத்தைப் பச்சையாக்கி என்ன பயன்? இன்னொன்று, எந்த டாக்டர் ஒரே புள்ளியை 30 விநாடி அசையாமல் பார்க்கிறார்? கண் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வளையல் சோதனையைத் தியேட்டருக்குப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேரி (தியேட்டர் சிஸ்டர்)

மாப் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது தம்பி. அதில் ஊறிய ரத்தத்தை வைத்துத்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று மயக்க மருந்து டாக்டரிடம் சொல்கிறோம். பித்தநீர் கசிந்தால் மாப்பில் பச்சை மஞ்சளாகப் படியும், மலம் கசிந்தால் பழுப்பு. நிறத் துணியில் இது எதுவும் தெரியாது. பாட்டில் கிரீனில் ரத்தம் பட்டால் கறுப்பு ஈரமாகத் தெரியும், தண்ணீரா ரத்தமா என்றுகூடச் சில சமயம் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நோயாளி விழித்திருக்கும் அறுவையில் அதுவே நல்லது, வெள்ளையில் அரைக் கரண்டி ரத்தம் பட்டாலும் பார்க்கிறவருக்கு நெஞ்சு பதறும். ஆனால் அளவு பார்க்க ஆகாது.

மாப்பை உப்புநீரில் நனைத்துப் பிழிந்துதான் தருகிறோம். உள்ளே போன சில நொடியில் சிவந்துவிடும். அதனால் அது வெள்ளையாக இருக்கும் நேரமே கொஞ்சம்.

நிறமாலை

முகுந்தனின் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. ஓரம் தெளிவான வட்டம் வர வேண்டுமானால் கண் அசையக் கூடாது, உண்மை. தியேட்டரில் நடப்பது அதன் பெரிய வடிவம். அரை மீட்டர் தூரத்தில் ஒரு சாண் அகலக் காயம் பார்வையில் சுமார் 25 பாகை பிடிக்கும். அதற்குள் கண் எங்கே ஓடினாலும் விழித்திரையின் நடுப்பகுதிக்குக் கிடைப்பது சிவப்பின் வகைகளே. அதனால் தெளிவான வட்டத்துக்குப் பதில் ஓரம் கலைந்த ஒரு பச்சைச் சாயல். டாக்டர் ஐயா "திட்டு" என்றார், சரியான சொல்.

அவர் சொன்ன இரண்டாவது அனுபவத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். திரும்பக் காயத்தைப் பார்த்தபோது எல்லாம் ஒரே கருஞ்சிவப்பு. அதற்கு வெளிச்சக் கணக்கு வேண்டும். அறுவை விளக்கின் நடுப்பகுதி வெளிச்சத்துக்கு உலகத் தர விதியில் உள்ள வரம்பு 40,000 முதல் 1,60,000 லக்ஸ். ஒப்பிட்டுச் சொன்னால் வெட்டவெளி உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம், நம் ஆபீஸ் அறை 300லிருந்து 500. காயத்தை ஒட்டிய துணியில் 50,000 விழுகிறது என்று வையுங்கள். வெள்ளைத் துணி அதில் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பும். நல்ல பாட்டில் கிரீன் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் அனுப்பும். அதாவது வெள்ளை எட்டு மடங்கு பிரகாசம். அம்மாவின் வெளிர் பச்சை எப்படியும் நான்கைந்து மடங்கு இருக்கும்.

ஈரமான ரத்தமும் தசையும் வெளிச்சத்தை விழுங்குபவை. அதனால் வெள்ளைக்கு நடுவே காயம் ஒரு இருட்டுக் குழியாகிவிடுகிறது. கண்மணி சுருங்குகிறது. கண் அந்த வெள்ளைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. போதாததற்குக் கண்ணுக்குள்ளேயே சிதறும் வெளிச்சம் காயத்தின் பிம்பத்தின் மேல் மெல்லிய திரையாக விழுகிறது. எதிரே வண்டி ஹெட்லைட் அடிக்கும்போது பக்கத்தில் நடப்பவர் தெரியாமல் போவாரே, அதே திரைதான். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் கலங்குவதால் இது கூடும். அறுபது வயது மருத்துவருக்கு வெள்ளைத் துணி இருபத்தைந்து வயதுப் பயிற்சி மருத்துவரைவிட அதிகம் உறுத்தும்.

என்னைக் கேட்டால், பச்சைத் துணி செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்தப் பளிச்சைக் குறைப்பதுதான். பின்பிம்பம் மறைவது அதற்கு அடுத்தபடி. ஊரெல்லாம் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

ராஜமாணிக்கம் (ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்)

இங்கே மட்டும் நான் உங்களோடு முழுசாக ஒத்துப்போகவில்லை சார். பளிச்சு மட்டும்தான் காரணம் என்றால் சாம்பல் நிறம் போதும். மங்கலான சாம்பல் துணியை ஒரு முகாமில் போட்டு வேலை செய்திருக்கிறேன். கண் கூசவில்லை, அது சரி. ஆனால் சிவப்பின் நுணுக்கம் பச்சையில் கிடைத்த மாதிரி மீண்டு வரவில்லை. ரோஜா நிறக் குடலுக்கும் ரத்த ஓட்டம் குறைந்து நீலம் பாயத் தொடங்கிய குடலுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை, பச்சையை நாலு விநாடி பார்த்துவிட்டு வந்தால் தெளிவாகச் சொல்வேன். இது என் அனுபவம், அளந்து பார்த்ததில்லை.

நிறமாலை

உங்கள் அனுபவத்துக்கு அடிப்படை இருக்கிறது ஐயா. சிவப்பில் தணிந்த கண்ணுக்கு எதிர்நிறத்தைக் காட்டினால் தராசு மறுபக்கம் சாய்ந்து சமநிலைக்கு வரும். சாம்பல் அதை மெதுவாகச் செய்யும், பச்சையும் நீலமும் வேகமாக. ஆனால் பலமான வெளிச்சத்தில் வெளுத்த கூம்பு நிறமி மீள ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். நாலு விநாடிப் பார்வையில் எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் எனக்குத் தயக்கம். நரம்புச் செல்களின் தணிப்பு விநாடிகளில் மீளும், நீங்கள் உணர்ந்தது அதுவாக இருக்கலாம்.

சுல்தான் (லேப்)

எனக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் உண்டு, பள்ளியில் எண் ஒளிந்த புள்ளிப் படம் காட்டும்போதுதான் தெரிந்தது. வளையல் சோதனையை நானும் செய்தேன். எல்லோரும் மயில்கழுத்து என்கிறீர்கள், எனக்கு வெளிர் நீலமாகத்தான் தெரிந்தது. பாட்டில் கிரீன் துணியில் சுத்தமாக எதுவும் இல்லை. கடல் நீலத் துணியிலும் இல்லை. என் சோதனையில் தவறா, என் கண்ணிலா?

நிறமாலை

தவறே இல்லை. உங்கள் கண்ணுக்கு அந்தச் சிவப்பு ஒரு மங்கிய மஞ்சள் பழுப்பாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். மஞ்சளின் எதிர்நிறம் நீலம். உங்கள் பின்பிம்பம் உங்கள் சிவப்புக்குச் சரியான பதில். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்குச் சுமார் எட்டுப் பேருக்கு இந்த வகைக் குறை உண்டு, அவர்களில் அறுவை மருத்துவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிற வாதத்தைவிடப் பளிச்சு வாதம்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கார்த்திகேயன் (பெயிண்ட் கடை)

பளிச்சுதான் காரணம் என்றால் ஒரேயடியாகக் கறுப்பு போட்டுவிடலாமே சார்? வெளிச்சமே திரும்பாது.

மேரி (தியேட்டர் சிஸ்டர்)

கறுப்பில் பஞ்சு, நூல், முடி மட்டும் பளிச்சென்று தெரியும், ரத்தம் எங்கே சொட்டியிருக்கிறது என்றே தெரியாது. ஊசியைக் கீழே வைத்தால் நிழலில் போய்விடும். விளக்குச் சூட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளும். பாட்டில் கிரீனில் வளைந்த ஊசி நன்றாகத் தெரியும். கருவிகளிலேயே இப்போது பளபளப்புக் குறைத்த மேட் பினிஷ் வருகிறது, வெளிச்சம் திருப்பி அடிக்கக் கூடாது என்றுதான். கண்ணுக்கு அடுத்த பளிச்சு அதுதான்.

செந்தாமரை அம்மாவுக்கு ஒன்று. டிராலி கவரை வைத்துக்கொண்டார்களே, அதற்குக் காரணம் டிராலி விளக்குக்கு வெளியே நிற்கும், நாங்கள்தான் அதைப் பார்ப்போம். டாக்டரின் கண் போகும் இடம் ஹோல் டவலும், எதிரே நிற்பவரின் கவுன் கையும். புதுத்துணி எவ்வளவு அடர்த்தி என்பதோடு, பத்து மாதம் கழித்து எப்படி இருக்கும் என்றும் பாருங்கள். எங்கள் பழைய டவல்கள் ஹைப்போ என்னும் குளோரின் கரைசலில் ஊறி ஊறி வெளிர் பச்சையாகிவிட்டன. டாக்டர்கள் சலித்துக்கொள்வது அந்த டவல் வரும் நாளில்தான், இப்போதுதான் எனக்கே காரணம் பிடிபடுகிறது.

பிரவீண் (பயிற்சி மருத்துவர்)

நான் வேலை செய்யும் இடத்தில் பாதி லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை. கண் முழுக்க மானிட்டரில். அறை விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய பச்சை விளக்கு மட்டும் விடுகிறார்கள். திரையில் பளிச்சடிக்காது, டிராலியும் தெரியும். துணி அங்கே நீலம், ஒரு தடவை போட்டு எறியும் நெய்யாத துணி. கழுவும் வேலையே இல்லை. திரையைத்தான் பார்க்கிறோம் என்றால் துணி என்ன நிறமாக இருந்தால் என்ன என்று என் சீனியரிடம் கேட்டேன். திடீரென்று வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் தெரியும் என்றார். இன்னும் அப்படி ஒரு நாள் எனக்கு வரவில்லை.

ராஜமாணிக்கம் (ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர்)

உங்கள் சீனியர் சொன்னது சரி. ஆனால் திரையிலேயே மூன்று மணி நேரம் சிவப்பைப் பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பச்சை விளக்கு என்ன செய்கிறது என்பது தனிக் கேள்வி. அறை சாம்பலாகவே இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

செந்தாமரை, ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர் சொன்னதும் சாயப்பட்டறைக்குப் போய்க் கேட்டேன். நாங்கள் வாங்குவது ரியாக்டிவ் சாயம், குளோரின் பட்டால் சீக்கிரம் வெளுக்கும் என்றார். வேட் சாயம் போட்டால் பெரும்பாலும் தாங்கும், விலை கூட. இரண்டிலும் பாட்டில் கிரீனும் மயில்கழுத்துக்குப் பக்கமான ஒரு கடல் நீலமும் முக்கால் மீட்டர் வீதம் வாங்கி வந்திருக்கிறேன்.

நிறமாலை சார், அளந்து பார்க்க எங்களிடம் கருவி இல்லை. துணியையும் வெள்ளைத்தாளையும் ஒரே வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போனில் படமெடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். திரும்பி வந்த பச்சை, தாளுக்குக் கொஞ்சம்தான் கீழே இருக்கிறது. என் கண்ணுக்கு நல்ல பச்சையாகத் தெரிந்த துணி அது. புதுசு நாலும் கிட்டத்தட்டக் கரி மாதிரி வந்தன. இந்த முறை சரிதானா?

நிறமாலை

தோராயத்துக்குச் சரி அம்மா. போன் தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் என்பதால் எல்லாத் துணியையும் தாளோடு சேர்த்து ஒரே படத்தில் எடுங்கள். தனித்தனியாக எடுத்த படங்களை ஒப்பிடாதீர்கள்.

செந்தாமரை, ஈரோடு

அப்படியே செய்கிறேன். நாலு துணியையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை பீரோவில் வைத்துவிட்டேன். மறுபாதியை ஹைப்போ போட்டுத் தினம் ஒரு துவைப்பு, இன்றைக்கு மூன்றாவது. ரியாக்டிவ் பாட்டில் கிரீன் துணியை அலசும்போதே தண்ணீர் பச்சையாக வருகிறது. முப்பது துவைப்பு முடிந்ததும் எட்டுத் துண்டையும் தாளோடு சேர்த்து ஒரே படமாக இங்கே போடுகிறேன்.

மேரி (தியேட்டர் சிஸ்டர்)

துவைத்த பிறகு ஆட்டோக்ளேவிலும் போட வேண்டும் அம்மா. துணியை 121 டிகிரியில் வைப்போம், அவசரமென்றால் 134. உங்களிடம் வசதி இல்லையென்றால் வீட்டுக் குக்கரிலாவது அரை மணி நேரம் வேகவையுங்கள், தண்ணீர் படாமல் மேல் தட்டில்.